அணைந்த திரையில் லயத்து வீடுகள்: கிம்ப் 3.0-இன் Perspective கருவி

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய குடும்பங்கள் கூடிய நாளில் எடுத்த படம் அது. மேசையில் ஒரு மடிக்கணினி. அதில் தெரிந்த லயத்து வீடுகளைச் சுட்டிக்காட்டி, எந்த வாசலில் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறார். பாட்டியின் கதை நீண்டதில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி திரையை அணைத்துவிட்டது. படம் எடுத்தவர் அந்த நொடியில்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறார். முகம் அருமை, விரல் அருமை, திரை மட்டும் கறுப்பு. நினைவு மலருக்கு இந்தப் படம்தான் வேண்டும் என்கிறார்கள். திரையில் ஒரு நிமிடத்துக்கு முன்பு இருந்த அதே படத்தைத் திரும்ப ஏற்றுவதுதான் வேலை.

இதற்கு நான் எடுத்தது கிம்ப் 3.0. காசு கிடையாது, 2025 மார்ச்சில் வெளிவந்தது. Shift+P அழுத்தினால் Perspective கருவி வந்துவிடும். படத்தின் நான்கு மூலைகளிலும் பிடிகள் தோன்றும். அவற்றை இழுத்துத் திரையின் நான்கு மூலைகளில் உட்கார வைக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவும் இதே வேலையைச் செய்வதாகச் சொல்கின்றன. ஆனால் நான்கு மூலைகளும் சரியாகப் பொருந்திவிட்டாலே உள்ளே இருப்பதும் சரியாகிவிடாது. இந்தக் கருவியைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் படத்தையே எடுத்துக்கொள்வோம். திரையின் இடது மூலைகள் (1400, 1000), (1400, 1640). வலது மூலைகள் (2200, 1100), (2200, 1580). அதாவது நமக்கு அருகில் இருக்கும் இடது விளிம்பின் உயரம் 640 புள்ளி, தள்ளி இருக்கும் வலது விளிம்பு 480. அகலம் 800. திரையின் நடு எங்கே? 1400-க்கும் 2200-க்கும் நடுவே 1800 என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே நடு. கணக்குப் போட்டால் அது (1857, 1331). தூரத்து விளிம்பை நோக்கி 57 புள்ளி நகர்ந்திருக்கிறது. தூரத்தில் உள்ள பாதி சுருங்கித் தெரிவதால், அருகில் உள்ள பாதிக்கு இடம் கூடுதலாகப் போகிறது.

கிம்ப் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கருவியின் விருப்பங்களில் Guides என்பதை Center lines என்று மாற்றிவிட்டால், இழுக்கும்போதே நடுக்கோடுகள் படத்தின் மேல் தெரியும். அவை வெட்டும் இடத்தில் சுட்டியை வைத்துச் சாளரத்தின் அடியில் இருக்கும் எண்களைப் பார்த்தால் 1857, 1331-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றது. லயத்து வீடுகள் இன்னொரு நல்ல சாட்சி. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் கட்டப்பட்ட வாசல்கள் அவை. சரியாக மாற்றப்பட்ட படத்தில் இடதிலிருந்து வலதுக்குப் போகப் போக வாசல்கள் சீராக ஒடுங்கும். வெறுமனே இழுத்து ஒட்டும் செயலிகளில் வாசல்கள் உயரத்தில் மட்டும் குறைந்து, அகலத்தில் அப்படியே இருக்கும். சிலவற்றில் கூரைக்கோடு படத்தின் மூலைவிட்டத்தில் உடைந்து வளையும். கூரைக்கோடு நேராகவே இருக்கிறதா என்று பார்த்தாலே செயலியின் தரம் தெரிந்துவிடும்.

மூலைகளை இழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய படம் 3ஆர் அளவு, ஐந்துக்கு மூன்றரை அங்குலம். மடிக்கணினித் திரையோ 1366-க்கு 768. நேராக இழுத்துப் பொருத்தினால் வீடுகள் அகலவாக்கில் உப்பிவிடும். அதனால் முதலில் 1366×768 அளவில் ஒரு கறுப்புத் தாள் திறந்து, வருடிய படத்தை 1097×768 ஆகக் குறைத்து நடுவில் வைத்தேன். இரண்டு பக்கமும் 134 புள்ளி சொச்சம் கறுப்பாக இருக்கும். உண்மையில் கணினியும் அதை அப்படித்தான் காட்டியிருக்கும். முன்கூட்டியே குறைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு: 600 டிபிஐயில் வருடிய 3000 புள்ளிப் படத்தை அப்படியே 800 புள்ளி இடத்துக்குள் திணித்தால் பலகைச் சுவரின் கோடுகள் நெளிந்து மின்னும்.

மூலையைப் பிடிப்பதிலும் நிதானம் வேண்டும். ஒளி வரும் பகுதியும் அதைச் சுற்றியுள்ள கறுப்புச் சட்டமும் அணைந்த திரையில் ஒன்றாகவே தெரியும். 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் சட்டத்தின் உள்விளிம்பு பிடிபடும். மூலை மழுங்கியிருந்தால், இரு விளிம்புகளையும் நீட்டினால் எங்கே சந்திக்குமோ அங்கே பிடியை வையுங்கள். இவ்வளவுக்கும் பிறகு மேல் விளிம்பின் நடுவில் மட்டும் இடைவெளி தெரிந்தால் குறை உங்கள் கையில் இல்லை. அகலக்கோண வில்லை நேர்க்கோட்டை வளைத்திருக்கிறது. Filters → Distorts → Lens Distortion-இல் முதலில் அதை நிமிர்த்துங்கள்.

கிம்ப் மீது எனக்குள்ள பெரிய குறை இனிமேல்தான். Transform என்பதை அழுத்திவிட்டால் படம் நிரந்தரமாக மாறிவிடுகிறது. 3.0-இல் வடிகட்டிகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இந்த மாற்றத்தை முடியாது. மறுபடி இழுத்தால் ஏற்கெனவே மசங்கிய படம் இன்னும் மசங்கும். போட்டோஷாப்பின் Smart Object இந்தத் தலைவலியைத் தருவதில்லை. அதற்கு மாதாமாதம் வெள்ளி கட்ட வேண்டும். கிம்ப்பில் மூல அடுக்கை நகலெடுத்து மறைத்து வைத்துக்கொள்வதே வழி. மூலைகளின் ஆயங்களை எண்ணாகத் தட்டச்சு செய்யவும் இடமில்லை. எல்லாம் கையால் இழுப்பதுதான்.

அளவு பொருந்திய பிறகும் படம் ஒட்டுவேலையாகத்தான் தெரிந்தது. காரணம் வெளிச்சம். மண்டபத்துச் சன்னல் திரையில் மங்கலாகப் பிரதிபலித்திருந்தது. புதிய படம் அதை மூடிவிட்டது. பழைய கறுப்புத் திரைப்பகுதியை நகலெடுத்து மேலே வைத்து, அடுக்கின் முறையை Screen என மாற்றியதும் பிரதிபலிப்பு திரும்ப வந்தது. திரை அணைந்திருந்தது இங்கே கைகொடுத்தது. எரிந்துகொண்டிருந்த திரையில் பிரதிபலிப்பை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அதன் பிறகும் படத்தின் கறுப்பு, கணினிச் சட்டத்தின் கறுப்பைவிட ஆழமாக இருந்தால் Levels-இல் வெளியீட்டின் கீழ் எல்லையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். எனக்கு 25 போதுமாக இருந்தது. விளிம்புக்கு ஒரு புள்ளி அளவில் மசமசப்பு, முழுப் படத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு நுண்புள்ளிகள், அவ்வளவுதான்.

பாட்டியின் விரலை அடுக்கு மறைப்பில் கறுப்பால் தீட்டித் திரும்ப முன்னால் கொண்டுவந்தேன். நகத்தின் ஓரம்தான் அதிக நேரம் எடுத்தது. படத்தின் கீழ், திரைக்காட்சி பிறகு சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி போடச் சொன்னேன். மலர்க் குழுவும் ஒத்துக்கொண்டது.

சுவரில் உயரத்தில் மாட்டிய தொலைக்காட்சிக்கும் இதே முறை செல்லும். கீழிருந்து எடுத்த படமானால் மேல்விளிம்பு சிறுத்து, நடு மேல்நோக்கி நகரும். வளைந்த திரைத் தொலைக்காட்சிக்கு மட்டும் இந்தக் கருவியைத் தொடாதீர்கள். நான்கு மூலைகள் ஒரு சமதளத்தை மட்டுமே தீர்மானிக்கும். அங்கே Warp கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.