ஏழு டிகிரிக் கணக்கு

கடலோர அனல் மின் நிலையங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் குளிர்விப்பு நீரைப் பற்றிய பகுதி அநேகமாக ஒரே வாதத்தோடு முடிகிறது. வெளியேறும் நீர் ஏற்கும் நீரைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இல்லை, அங்கு எடுத்த மாதிரிகளில் கரைந்த ஆக்சிஜனும் விதித்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை, ஆகவே நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கில்லை என்பதே அந்த வாதம். இவற்றில் முதல் இரண்டு கூற்றுகளும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவற்றிலிருந்து மூன்றாவது பிறப்பதில்லை.

வெப்பத்தை நேரே கடலில் விடும் முறைக்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. ஒருமுறை பாய்ந்து திரும்பும் குளிர்விப்பில், குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாகிப் போகும் அளவுக்கு நீர் இழப்பு நேர்வதில்லை. விசிறிகளுக்கும் மேலேற்றும் பம்புகளுக்கும் மின்சாரம் செலவாவதில்லை. திறந்த கடலில் விடப்படும் சூடு அலையிலும் நீரோட்டத்திலும் விரைவில் கலைந்துவிடுகிறது. ஆறு, ஏரிகளின் நீரைப் பயன்படுத்தும் புதிய நிலையங்கள் கோபுரம் அமைத்தாக வேண்டும் என்று கட்டளையிட்ட இந்திய விதி, கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையங்களுக்கு மட்டும் 7 டிகிரி வரம்போடு விலக்கு அளித்ததற்கு இந்த நியாயங்களே அடிப்படை எனலாம். திறந்த கடலுக்குப் பொருந்தும் இந்த நியாயம், ஆழமற்ற விரிகுடாவுக்கும் முகத்துவாரத்துக்கும் அப்படியே நீட்டப்படுவதுதான் வினாவுக்குரியது.

வரம்பு எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரில் 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று வெளியேற்ற வேண்டிய வெப்பம், அது உண்டாக்கும் மின்சாரத்தைவிட அதிகம். அதை 7 டிகிரி உயர்வுக்குள் அடக்க நொடிக்குச் சுமார் 20 டன்னுக்கும் கூடுதலான நீர் தேவை. 10 டிகிரி உயரும் நீரை 7 டிகிரியாக்க எளிய வழி, இன்னும் அதிக நீரை இறைத்துக் கலப்பதுதான். வெப்பத்தின் மொத்த அளவு அப்போது சிறிதும் குறைவதில்லை. ஆனால் உறிஞ்சப்படும் நீர் கூடக்கூட, வடிகட்டிக்குள் நுழைந்து பம்பிலும் குழாயிலும் அடிபடும் மீன் முட்டைகளும் இறால் குஞ்சுகளும் கூடுகின்றன. விதியை நிறைவேற்றுவதே தீங்கைப் பெருக்கும் நிலை இப்படி உண்டாகிறது.

இதைவிடப் பெரிய குறை ஆக்சிஜன் கணக்கில் இருக்கிறது. நீர் சூடானால் அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறையும் என்பது எல்லோரும் அறிந்தது; எவ்வளவு குறையும் என்பதைத்தான் வாதத்தில் யாரும் எடைபோடுவதில்லை. 30 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.2 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 37 டிகிரியில் அது 5.6 அளவுக்கு இறங்கும். இரண்டுமே, உயர்தரக் கடலோர நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த 5 மில்லிகிராமுக்கு மேலேயே நிற்கின்றன. மீட்டரைப் பார்ப்பவருக்குக் குறைவு பத்துச் சதவீதம்தான். ஆனால் மீன், இறால், நண்டு போன்ற குளிர்இரத்த உயிர்களின் உடல் வேகம் சூழலின் வெப்பத்தைப் பின்தொடர்வது; ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொது விதியைக் கொண்டால், 7 டிகிரி உயர்வுக்கு அது சுமார் 60 சதவீதம் கூடுகிறது. வரவு பத்தில் ஒரு பங்கு குறைந்து, செலவு பாதிக்கும் மேல் கூடிய குடும்பத்தின் கையில் மிஞ்சும் தொகையை வரவை மட்டும் எண்ணிச் சொல்லிவிட முடியாது. மில்லிகிராமை மட்டும் பதிவு செய்யும் அறிக்கை செய்வது அதுவே.

மீன் மட்டுமல்ல, நீரிலுள்ள பாக்டீரியாக்களும் சூட்டில் விரைவாக இயங்குகின்றன. ஆற்றுநீர்ப் பொறியாளர்கள் வழக்கமாகக் கையாளும் வாய்பாட்டின்படி, கழிவுப் பொருளைச் சிதைத்து ஆக்சிஜனை உண்ணும் வேகம் 7 டிகிரிக்கு ஏறக்குறைய 38 சதவீதம் கூடும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜன் மீண்டும் கரையும் வேகம் 18 சதவீதமே கூடுகிறது. எண்ணூர் முகத்துவாரத்தைப்போல வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஏற்கனவே சேரும் இடத்தில், வட சென்னை அனல் மின் நிலையத்தின் சூடான நீரும் வந்து விழுகையில், இந்த இடைவெளியே தீங்காக உருவெடுக்கிறது. இத்தகைய இடத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது வெளியேற்ற வாயிலில் அல்ல, கழிவு சிதைய நேரம் கிடைக்கும் தொலைவில். பகலில் அல்ல, பாசிகள் இரவெல்லாம் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்த பின் வரும் விடியலில். மாதிரி எடுக்கும் படகோ பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல் வாயிலுக்கருகே நிற்கிறது.

வாயிலருகே மீட்டர் சில சமயம் ஆக்சிஜன் செறிவு நிலையை நூறு சதவீதத்துக்கு மேல் காட்டுவதும் உண்டு. இதை நற்சான்றாகக் கொள்வது இன்னும் பெரிய பிழை. மூடிய குழாயில் திடீரென்று சூடேறும் நீர், முன்பு கரைந்திருந்த வாயுவை வெளிவிட வழியின்றித் தாங்கிக்கொண்டே வருகிறது. அந்த நீரில் வாழும் மீனின் இரத்தத்திலும் துடுப்புச் சவ்விலும் அந்த வாயு குமிழ்களாகப் பிரிகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பில்கிரிம் அணுமின் நிலையத்தின் வெளியேற்ற நீரில், 1973இல் மென்ஹேடன் மீன்கள் பெருந்தொகையாக இறந்தது இந்தக் குமிழ் நோயால்தான்.

வெப்ப மண்டலத்து உயிர்கள் சூட்டுக்குப் பழகியவை, ஆகவே தாங்கிக்கொள்ளும் என்ற மறுமொழி அடிக்கடி எழுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது: அவை தம் உச்ச வரம்புக்குச் சில டிகிரி கீழேயே கோடையைக் கழிப்பவை. ஃபுளோரிடாவின் பிஸ்கேன் விரிகுடாவில் டர்க்கி பாயின்ட் நிலையம் 1960களின் இறுதியில் சூடான நீரை விட்டபோது, வெப்பம் சுமார் 4 டிகிரி உயர்ந்த பகுதியில் கடற்புல்லும் அதை நம்பிய உயிர்களும் ஏறக்குறைய அழிந்தன. வழக்கின் விளைவாக விரிகுடாவில் நீர் விடுவது நிறுத்தப்பட்டு, நிலத்தில் நீண்ட குளிர்விப்புக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அங்கே 4 டிகிரியில் புல் மடிந்தது என்றால், மே மாதத்து நண்பகலில் ஆழமற்ற நீர் தானே 33 டிகிரியைத் தொடும் இக்கரையில் 7 டிகிரியைப் பாதுகாப்பு வரம்பென்பது எந்த உயிரை மனத்தில் கொண்டு?

வேறுபாட்டை மட்டும் கட்டுப்படுத்தும் விதி, ஏற்கும் நீரின் சொந்தச் சூட்டைக் கேட்பதே இல்லை. ஜனவரியிலும் மே மாதத்திலும் அது ஒரே அனுமதியைத் தருகிறது. முழு வெப்பநிலைக்கு உச்ச வரம்பு வைத்த இடங்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் டென்னசி ஆற்றங்கரையிலுள்ள பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம் 2010 கோடையில் ஆற்று நீர் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 32 டிகிரி செல்சியஸ் என்ற வரம்பை எட்டியபோது, தன் மூன்று உலைகளையும் ஏறக்குறையப் பாதித் திறனுக்குக் குறைக்க நேர்ந்தது. அந்த ஆறு வரம்பை எட்டிய அதே வெப்பநிலையில், கடல்நீரை 7 டிகிரி சூடாக்கும் நிலையம் ஒன்று இங்கே எந்த விதியையும் மீறாமல் 39 டிகிரி நீரை விட்டுக்கொண்டிருக்கலாம்.