வைரத்துக்கு வெளியே நிற்கும் ஆய்வு

"பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு போட்டால் குறைமாதக் குழந்தை இறப்பு 22 சதவீதம் குறைகிறது." ஜர்னல் கிளப்பில் மெட்டா அனாலிசிஸைச் சுருக்கச் சொன்னால் நர்ஸிங் மாணவி பெரும்பாலும் இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வரியில் பிழை இல்லை. ஆனால் நீடாமங்கலம் போன்ற ஊரின் பிரசவ வார்டில் நிற்கப்போகிறவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

அந்த 22 எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 2020-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பாய்வில், பச்சிளங்குழந்தை இறப்பு குறித்து மட்டும் 22 ஆய்வுகள், 10,609 குழந்தைகள். ஃபாரஸ்ட் பிளாட்டில் ஆய்வுக்கு ஒரு வரி. வரியிலுள்ள சதுரம் அந்த ஆய்வின் கணிப்பு. சதுரம் பெரிதானால் அதற்குத் தரப்பட்ட எடையும் கூடுதல். குறுக்குக் கோடு அந்தக் கணிப்பின் நிச்சயமின்மை. நடுவில் செங்குத்தாக நிற்கும் கோடு 1, அதாவது மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்ற இடம். எல்லாவற்றையும் எடைபோட்டுச் சேர்த்த விடை அடியில் வைரமாக இருக்கிறது. இங்கே வைரத்தின் நடு 0.78, முனைகள் 0.70, 0.87. இறப்பு அபாயம் 13 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று பொருள். சுருக்கம் எழுதுகிறவர்கள் முதலில் கைவிடுவது இந்த முனைகளைத்தான்.

சேர்த்துப் பார்ப்பதன் பலம் சாதாரணமானதல்ல. காக்ரேன் அமைப்பின் சின்னமே இந்த மருந்தின் பழைய ஃபாரஸ்ட் பிளாட்தான். அதிலுள்ள ஏழு கோடுகளில் பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொட்டு நிற்கும். தொட்டதையெல்லாம் "பலன் இல்லை" என்று எண்ணி வாக்கெடுப்பு நடத்தினால் மருந்து தோற்றுவிடும். சேர்த்தால் வைரம் கோட்டைவிட்டுத் தெளிவாக விலகி நிற்கிறது. முதல் ஆய்வு நியூசிலாந்தில் 1972-இல் வந்தது. முறையான தொகுப்பாய்வு வெளிவர 1989 ஆயிற்று. அதுவரை பல மகப்பேறு மருத்துவர்கள் மருந்தை நம்பவில்லை. கோடு நடுவைத் தொட்டால் "ஆய்வு தோல்வி" என்று எழுதும் பழக்கம் இன்றும் வகுப்புகளில் இருக்கிறது. தொடுவது பல சமயம் ஆய்வு சிறியது என்பதை மட்டுமே காட்டும்.

பலவீனம் 22 சதவீதம் என்ற பேச்சிலேயே தொடங்குகிறது. எதில் 22? மருந்தில்லாமல் ஆயிரத்துக்கு 100 குழந்தைகள் இறக்கும் இடத்தில் 22 பேர் பிழைப்பார்கள். 20 பேர் இறக்கும் இடத்தில் நான்கைந்து பேர். விகிதம் அதேதான், வார்டில் கிடைக்கும் பலன் வேறு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஆக்‌ஷன் ஆய்வில் மருந்தில்லாத பிரிவில் 23.5 சதவீதம், டெக்ஸாமெத்தசோன் பிரிவில் 19.6 சதவீதம் குழந்தைகள் இறந்தன. ஆயிரத்துக்கு 39 உயிர். மாணவி எழுத வேண்டிய எண் இந்த மாதிரியானது.

இன்னொரு குறை, சேர்க்கப்படாததை வைரம் காட்டாது. 2015-இல் லான்செட்டில் வந்த ஆக்ட் ஆய்வு ஆறு நாடுகளில் நடந்தது. நம் நாட்டில் பெல்காமும் நாக்பூரும் களங்கள். குறைமாதப் பிரசவ வாய்ப்பைக் கண்டறிந்து ஸ்டீராய்டு போட, கிராமச் சுகாதாரப் பணியாளர் உட்பட எல்லா மட்டத்திலும் பழக்கினார்கள். அந்தப் பகுதிகளில் 28 நாள் இறப்பு ஆயிரத்துக்கு 27.4, ஒப்பீட்டுப் பகுதிகளில் 23.9, விகிதம் 1.12. மிகச் சிறிய குழந்தைகளிடம் தெளிவான பலன் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரில் பலருக்குப் பிறந்தது சிறிய குழந்தையே அல்ல. தாய்க்குத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் கூடியது. தேவையற்றவர்களுக்கும் மருந்து போயிருக்கிறது என்பதே எனக்குப் படும் முதன்மைக் காரணம். கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்க முடியாத இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். ஆக்‌ஷன் ஆய்வில் வாரம் ஸ்கேன் மூலம் உறுதிசெய்யப்பட்டது. 26 முதல் 34 வாரத்துக்குள் இருந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள்.

நம் நாட்டு வழிகாட்டலும் 2014 முதல் 24–34 வாரக் குறைமாதப் பிரசவ வலிக்கு 6 மி.கி. டெக்ஸாவை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போடச் சொல்கிறது. மேல்சிகிச்சைக்கு அனுப்புமுன் முதல் ஊசியை ஏ.என்.எம். போடலாம். நீடாமங்கலத்திலிருந்து திருவாரூருக்கு ரெஃபர் ஆகும் தாய்க்கு, ரயில்வே கேட்டில் காத்திருக்க நேர்ந்தாலும், மருந்து அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். வாரக்கணக்கு தவறினால் அதே ஊசி ஆக்ட் ஆய்வின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே சுருக்கத்தை நான் திருத்தினால் இப்படித்தான் இருக்கும்: "22 ஆய்வுகளைச் சேர்த்ததில் பச்சிளங்குழந்தை இறப்பின் அபாய விகிதம் 0.78 (0.70–0.87). நான்கில் ஒரு குழந்தை இறக்கும் வார்டில் இது ஆயிரத்துக்கு சுமார் 55 உயிர். கர்ப்ப வாரம் ஸ்கேனில் உறுதியாகி, பிறந்த குழந்தைக்கு வெப்பமும் மூச்சுக்கு உதவியும் கிடைக்கும் இடத்துக்கே இதைப் பொருத்தலாம்." மூன்று வரி ஆகிறது, மதிப்பெண் அட்டவணையில் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தால் அட்டவணையை மாற்றச் சொல்ல வேண்டும்.