இரண்டு நானோமீட்டர் ரிப்பன்

அலுமினியம், செம்பு, எழுபதுக்கு முப்பது பித்தளை. மூன்றையும் ஒரே தடிமனில் தகடாக வெட்டி, சூடு காட்டி மென்மையாக்கி, ஆறவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தியலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அலுமினியம் கொஞ்சம் எதிர்க்கும், பிறகு சமாதானமாகிவிடும். செம்பு இன்னும் சிறிது நேரம் இறுகிக்கொண்டே போகும். பித்தளையோ அடி விழ விழ முறைக்கும். தட்டும்போது எழும் ஓசையே மாறும். மீண்டும் அடுப்பில் வைக்காமல் தொடர்ந்தால் ஓரத்தில் கீறல் விடும். பாத்திரத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு இதில் தீராத ருசி ஒன்று உண்டு. மூன்று உலோகங்களிலும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை ஒன்றே. நடத்தையில் இத்தனை வித்தியாசத்தைக் கொண்டுவருவது சில அணுக்கள் அகலமே உள்ள ஒரு ரிப்பன்.

அடுக்குமுறையை முதலில் பார்த்துவிடலாம். பழக்கடையில் ஆரஞ்சுகளைக் குவிப்பதுபோல ஒரு வரிசைத் தளத்தை நெருக்கமாகப் பரப்புங்கள். அதை 'அ' என்போம். அதன்மேல் தெரியும் பள்ளங்கள் இரண்டு வகை. ஒரு வகையில் அடுத்த தளத்தை வைத்தால் 'இ', இன்னொரு வகையில் வைத்தால் 'உ'. இரண்டையும் ஒரே சமயத்தில் நிரப்ப முடியாது. அ இ உ அ இ உ என்று மூன்று படி கழித்துத் திரும்பும் அடுக்குதான் முகமையக் கனசதுரம். அலுமினியம், செம்பு, வெள்ளி, தங்கம், நிக்கல், துத்தநாகம் அதிகமில்லாத பித்தளை எல்லாம் இந்தக் குடும்பம். அ இ அ இ என்று இரண்டு படியில் திரும்பினால் அது அறுகோண அடுக்கு, வேறு குடும்பம்.

உலோகம் வளைவது ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதால் அல்ல. நகர்ந்த பகுதிக்கும் நகராத பகுதிக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோடு தளத்தில் ஊர்ந்து போவதே வளைவு. பொறியியல் மாணவர்கள் டிஸ்லோகேஷன் என்று அழைக்கும் இந்தக் கோட்டைப் பிறழ்வு என்று வைத்துக்கொள்வோம். 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியே இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். அழகு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

'இ' பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அணு பக்கத்து 'இ' பள்ளத்துக்குப் போக வேண்டும். செம்பில் அந்தத் தூரம் 0.256 நானோமீட்டர். நேர்கோட்டில் போனால் கீழ்த்தள அணுக்களின் முதுகின்மேல் ஏற வேண்டியிருக்கும். ஆகவே சற்று ஒதுங்கி நடுவிலுள்ள 'உ' பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து திரும்பி அடுத்த 'இ'-க்குப் போகிறது. ஒவ்வொரு அடியும் 0.148 நானோமீட்டர். இரண்டு அடிகளின் கூட்டுத்தொகை நேர்வழியைவிட நீளம்தான். ஆனால் ஒரு பிறழ்வின் ஆற்றல் அது தரும் நகர்வின் நீளத்தைப் பொறுத்ததல்ல, நீளத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு அடிக்குப் பதில் இரண்டு பாதி அடி போடுவதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதனால் முழுப் பிறழ்வு தானாகவே இரண்டு பகுதிப் பிறழ்வுகளாகப் பிரிந்துகொள்கிறது. 1948-இல் இதை எடுத்துச் சொன்னவர்கள் ஹைடன்ரைக், ஷாக்லி. டிரான்சிஸ்டரோடு பெயர் சேர்ந்த அதே ஷாக்லிதான். இந்தப் பகுதிகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

முன்னது ஒரு அடி வைத்துவிட்டது, பின்னது இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள துண்டில் அடுக்கு அ இ உ இ உ அ என்று குழம்பியிருக்கும். கனசதுரத்துக்குள் அறுகோண அடுக்கின் ஒரு சிறு கீற்று நுழைந்துவிட்டது. இதுதான் அடுக்குப் பிழை. பிழைக்கு விலை உண்டு. செம்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 45 மில்லிஜூல், அலுமினியத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு, முப்பது சதவீதத் துத்தநாகம் கலந்த பித்தளையில் 20-க்கும் கீழே. பகுதிகள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பிழையின் விலையோ அவற்றை ஒன்றாக இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் சமமாகும் தூரத்தில் ரிப்பனின் அகலம் நிலைக்கிறது.

பிறழ்வுக் கோடும் நகர்வின் திசையும் ஒன்றாக இருந்தால் அதற்குத் திருகுப் பிறழ்வு என்று பெயர். நமக்கு வேண்டியது இந்த வகைதான். செம்பில் அதன் ரிப்பன் இரண்டு நானோமீட்டருக்குள் அடங்கும். பித்தளையில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். அலுமினியத்துக்குக் கணக்குப் போட்டால் ஓர் அணுவின் அகலம்கூடத் தேறுவதில்லை. அதை ரிப்பன் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

இந்த அகலத்தை ஊகித்ததோடு நிற்காமல் அளந்தும் பார்த்தார்கள். சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒரு பிறழ்வின் கோடே பத்து நானோமீட்டர் தடிமனில் விழும். இரண்டு நானோமீட்டர் பிளவு அந்தத் தடிமனுக்குள் புதைந்துபோகும். 1969-இல் காக்கெய்ன், ரே, வீலன் மூவரும் படிகத்தை வேண்டுமென்றே சாய்த்து, பலவீனமாகச் சிதறும் எலக்ட்ரான் கற்றை ஒன்றை மட்டும் எடுத்துப் படம்பிடித்தார்கள். அப்போது பிறழ்வின் மையத்துக்கு மிக அருகே வளைந்திருக்கும் தளங்கள் மட்டுமே ஒளிரும். கறுப்புப் பின்னணியில் இணையாக ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகள். நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும், மாதிரி அசையவே கூடாது. இந்தத் துறையில் நான் பார்த்த படங்களிலேயே அதிகம் விரும்புவது இந்த வகையைத்தான்.

இப்போது சுத்தியலுக்கு வருவோம். திருகுப் பிறழ்வு ஒரு தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு தடை. அதன் நகர்வுத் திசை கோட்டின் வழியாகவே இருப்பதால், அந்தக் கோட்டைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு நெருக்கத் தளமும் அதற்குத் திறந்த பாதைதான். தளம் மாறி, தடையைச் சுற்றிக்கொண்டு போகலாம். இதற்குக் குறுக்கு வழுக்கல் என்று பெயர். ஆனால் பகுதிப் பிறழ்வுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதன் நகர்வு கோட்டுக்கு முப்பது பாகை சாய்ந்தது, ஆகவே அது ஒரே ஒரு நெருக்கத் தளத்துக்குள் மட்டும் அடங்கும். ரிப்பனாக விரிந்திருக்கும்வரை பிறழ்வு அந்தத் தளத்தின் கைதி. தளம் மாற வேண்டுமானால் ஏதாவது ஓரிடத்தில் இரண்டு பகுதிகளும் நெருங்கி ஒன்றாகச் சுருங்க வேண்டும். சுருங்கிய இடத்தில் புதிய தளத்தில் மறுபடி விரிய வேண்டும். பிறகு அந்த விரிவு கோட்டின் இரு பக்கமும் பரவ வேண்டும்.

சுருங்குவதற்கான ஆற்றலை வெப்ப அசைவும் தகைவும் சேர்ந்து தருகின்றன. அலுமினியத்துக்குச் சுருக்க ஏதுமில்லை. செம்புக்குக் கொஞ்சம் பிரயாசை. பித்தளைக்கு அது பெரும்பாடு. 1956-இல் கேம்பிரிட்ஜில் ஹர்ஷ், ஹார்ன், வீலன் அடித்து மெலிதாக்கிய அலுமினியத் தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பிறழ்வுகள் ஓடுவதை முதன்முதலாகக் கண்டபோது, அவை தளம் மாறித் திரும்புவதையும் கண்டார்கள். அலுமினியத்தை எடுத்துக்கொண்டதில் ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. பித்தளையாக இருந்திருந்தால் தளம் மாறும் காட்சி அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

ஓர் ஒற்றைப் படிகத்தை இழுத்துக்கொண்டே போனால் இறுகுதல் மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் ஒரே திசையில் சுலபமாக வழுக்கும், அதில் சொல்ல அதிகமில்லை. இரண்டாவது கட்டத்தில் பல தளங்களில் ஓடும் பிறழ்வுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இரண்டு சாய்ந்த தளங்கள் சந்திக்கும் விளிம்பில் இரண்டு முன்னணிப் பகுதிகள் வந்து மோதினால் அவை இணைந்து மிகக் குட்டையான நகர்வுள்ள புதிய பிறழ்வாகிவிடும். செம்பில் அதன் அளவு 0.085 நானோமீட்டர்தான். ஆற்றல் ஏராளமாக மிச்சமாவதால் அது பிரியாது. அதன் நகர்வு இரண்டு தளங்களில் எதிலும் அடங்காததால் அது நகரவும் செய்யாது. இருபுறமும் பிழை ரிப்பன்கள் கூரைபோல் சரிந்திருக்க, முகட்டில் பூட்டு விழுந்துவிட்டது. லோமர், காட்ரெல் இருவர் பெயரும் இந்தப் பூட்டுக்கு உண்டு. பின்னால் வரும் பிறழ்வுகளுக்கு இது சுவராகிறது. 1953-இல் தாம்சன் காட்டிய நான்முகியைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டால், எந்தப் பகுதி எதோடு சேர்ந்தால் எது கிடைக்கும் என்பதை விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். இத்தனை சிக்கலுக்கு இவ்வளவு சிக்கனமான கருவி வேறெங்கும் நான் கண்டதில்லை.

இரண்டாம் கட்டத்தின் ஏற்றச் சரிவு எல்லா முகமையக் கனசதுர உலோகத்திலும் ஏறத்தாழ ஒன்றே. அந்த உலோகத்தின் சறுக்கு விறைப்பில் முந்நூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் உலோகத்துக்கு உலோகம் வித்தியாசம் எங்கே? அந்தச் சரிவு எப்போது தளர்கிறது என்பதில். மூன்றாம் கட்டம் தொடங்கும்போது திருகுப் பிறழ்வுகள் தளம் மாறக் கற்றுக்கொள்கின்றன. தடையைத் தாண்டிப் போகின்றன. எதிர்க்குறி கொண்ட இரண்டு சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இறுகலும் தளர்வும் ஒரே நேரத்தில் நடக்கும். அறை வெப்பநிலையில் அலுமினியத்தில் இது வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. பித்தளையில் நெடுநேரம் வருவதில்லை. செம்பையே திரவ நைட்ரஜனில் குளிர்வித்து இழுத்தால் அதுவும் பிந்துகிறது, சுருங்குவதற்கு வேண்டிய வெப்ப அசைவு இல்லையே.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். கண்ணாடிபோல் மெருகேற்றிய அலுமினியத்தை லேசாக வளைத்துச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால், மேற்பரப்பில் எழும் வழுக்கல் கோடுகள் நெளிந்து கிளைவிட்டிருக்கும். பித்தளையில் அவை அடிக்கோல் வைத்து இழுத்தவைபோல் நேராக நிற்கும். நெளிவு என்றால் தளம் மாறியிருக்கிறது என்று பொருள்.

எழுபதுக்கு முப்பது பித்தளை துப்பாக்கித் தோட்டாவின் உறைக்கு உகந்ததாக இருப்பதன் பின்னணியும் தளம் மாறத் தயங்கும் இந்தக் குணமே. பொதுவாக உலோகத்தை வலுவாக்கினால் நீளும் தன்மை குறையும். செம்பில் துத்தநாகம் ஏற ஏற, முப்பது சதவீதம் வரை, வலுவும் நீட்சியும் சேர்ந்தே ஏறுகின்றன. இழுக்கும்போது ஓரிடம் மெலிந்தால் அந்த இடம் உடனே இறுகி, நீட்சியைப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. இறுகும் வேகம் தகைவைவிடக் கீழே இறங்கும்வரை கழுத்து விழாது. பித்தளையில் அந்த இறக்கம் தாமதமாகிறது. விலை என்னவென்றால், ஆழமாக இழுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே அதைச் சூளைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் பிழையின் விலைக்கே கணக்கெழுதிவிடும் ஆசை இந்தத் துறையில் நீண்ட நாள் இருந்தது. செம்பு-மாங்கனீஸ் கலவை அதற்குக் குறுக்கே நிற்கிறது. மாங்கனீஸ் சேர்த்தால் அடுக்குப் பிழையின் ஆற்றல் அதிகம் மாறுவதில்லை. ஆனாலும் வழுக்கல் நேர்கோடுகளாகிவிடுகிறது. அங்கே அணுக்கள் அண்டைவீட்டாரைத் தேர்ந்தெடுத்து உட்காரும் குறுகிய ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஓடும் பிறழ்வு அந்த ஒழுங்கைக் குலைத்துவிடுவதால், பின்வருபவற்றுக்கு அதே தளத்தில் ஓடுவதே மலிவு. ரிப்பன் அகலமாக இல்லாமலேயே அவை தளம் மாற மறுக்கின்றன. பித்தளையிலும் இந்த ஒழுங்கு கொஞ்சம் உண்டு. ஆகவே அதன் நேர்கோடுகளில் ரிப்பனின் பங்கு எவ்வளவு, ஒழுங்கின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது வழுக்கல் கோட்டை மட்டும் பார்த்துச் செய்யக்கூடிய காரியமல்ல.