ஒட்டிய நாடாவும் ஒட்டாத முடிவும்

பெரம்பலூரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் ஒருவர், மறைந்த தம் தந்தையின் குரல் பதிந்த கேசட்டைச் சீராக்க முயல்வதைச் சொல்லும் சிறுகதை ஒன்று அண்மையில் நம் வாசகர் வட்டத்தில் வாசிக்கப்பட்டது. தந்தை அரியலூருக்குத் தெற்கே, ஏலாக்குறிச்சியை அடுத்த சிற்றூரில் உபதேசியாராய் வாழ்ந்தவர். 1986ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று அவர் வியாகுலப் பிரசங்கம் வாசித்ததே அந்தக் கேசட்டில் உள்ளது.

ஆசிரியர் தொழில் அறிந்து எழுதியிருக்கிறார். கேசட் கையில் கிடைத்ததும் மகன் அதை ஓட்டிக் கேட்டுவிடவில்லை. திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கிறான். நாடாவைப் பின்னிருந்து அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருக்கிறது. அது இல்லையேல் நாடா ஹெட்டோடு ஒட்டி ஓடாது. குரல் மங்கி ஒலிக்கும். எனவே இரு சுருள்களையும் வேறொரு கூட்டுக்கு மாற்றுகிறான். தந்தையின் உடலைக் கிடத்திய கைகளே இதையும் செய்கின்றன என்பதை ஆசிரியர் சொல்லாமலே உணர்த்துகிறார்.

அடுத்து வருவது கதையின் இதயம். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது. சிக்கினால் எளிதில் இழுபடும். ஓரிடத்தில் அது நூல்போல் நீண்டு அறுந்திருக்கிறது. இழுபட்ட பகுதியை மீட்க இயலாது. மகன் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டரை வெட்டி நீக்கி, அதற்கென உள்ள ஒட்டுநாடாவால் இணைக்கிறான். சாதாரண செல்லோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றையும் பற்றிக்கொள்ளும் என்பதை அவன் அறிவான்.

இவ்வளவு அறிந்த ஆசிரியர் முடிவில் தவறிவிட்டார். தந்தையின் குரல் "ஒரு சொல்லும் குறையாமல்" ஒலித்ததாகக் கதை நிறைவுறுகிறது. இது எவ்வாறு இயலும்? கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. பத்து சென்டிமீட்டர் போனால் இரண்டு நொடிப் பேச்சு போயிற்று. மறுபக்கப் பதிவும் அதே நாடாவில் இருப்பதால், அங்கும் இரண்டு நொடி போயிற்று. கத்தரிக்கோலை எடுத்தபோது மகனின் கை நடுங்கியதாக எழுதியவர், அந்த நடுக்கத்திற்கு உரிய இழப்பை மறைத்துவிடுகிறார்.

உண்மையான முடிவு அவர் கைக்குள்ளேயே இருந்தது. தவக்காலந்தோறும் தந்தையின் அருகிலிருந்து கேட்ட வாசகங்கள் மகனுக்கு மனப்பாடம். குரல் அறுபடும் அந்த இரண்டு நொடியில், விடுபட்ட சொற்களை அவன் வாயே சொல்லியிருக்கும். சொற்களைப் புத்தகத்திலிருந்தும் மீட்கலாம். தந்தை அவற்றை உச்சரித்த விதத்தை எங்கிருந்தும் மீட்க முடியாது. அந்த வேறுபாட்டை வாசகன் அங்கே தன் காதால் உணர்ந்திருப்பான்.

உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டியது மாசற்ற கைகளை அல்ல, ஆணித் தழும்புகளை. ஒட்டிய இடம் தெரியும்படி இக்கதையை ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும் என்பதே நம் விருப்பம்.