பெரிய வளையத்தை விட்டுக்கொடுக்கும் கலை

கார்னோ வரைபடத்தைக் கற்றுக்கொள்ளும்போது மனத்தில் பதியும் முதல் விதி ஒன்று உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் 1-களை எவ்வளவு பெரிய வளையத்துக்குள் அடக்க முடியுமோ அவ்வளவு பெரிய வளையமாகப் போடு என்பதுதான் அது. வளையம் பெரிதானால் எழுத்துகள் குறையும். எழுத்துகள் குறைந்தால் கேட்டுக்குப் போகும் கம்பிகள் குறையும். 1953-இல் பெல் ஆய்வகத்தின் மாரிஸ் கார்னோ இந்த வரைபடத்தை வெளியிட்டதிலிருந்து பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்லிவருகின்றன. ஒரே ஒரு வெளியீடு உள்ள சுற்றுக்கு இதில் குறையில்லை.

ஆனால் ஒரே உள்ளீடுகளிலிருந்து பல வெளியீடுகள் பிரிந்து போகும் சுற்றில், வெளியீட்டுக்கு ஒன்றாக வரைபடங்களை வரிசையாக வரைந்து வைத்துப் பார்த்தால் வேறொரு கலை தொடங்குகிறது. அங்கே மிகப் பெரிய வளையம் சில சமயம் வீண்செலவு. சிறிய வளையம் ஒன்றைத் தெரிந்தே தேர்ந்து, அதை நான்கு வரைபடங்களுக்குப் பொதுவாக்கினால் மொத்தச் சுற்றும் இளைக்கும். டிஜிட்டல் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதை முழுதாகக் காட்ட செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேயைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நான்கு உள்ளீடுகள்: A, B, C, D. A-க்கு மதிப்பு 8, B-க்கு 4, C-க்கு 2, D-க்கு 1. வெளியீடுகள் ஏழு: மேல் கோடு a, வலது மேல் b, வலது கீழ் c, அடிக்கோடு d, இடது கீழ் e, இடது மேல் f, நடுக்கோடு g. 0 முதல் 9 வரைதான் எண்கள் வரும்; 10 முதல் 15 வரை வராது என்பதால் அந்த ஆறு கட்டங்களும் டோன்ட் கேர். 6-க்கு மேல் கோடும் 9-க்கு அடிக்கோடும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏழு வரைபடங்களையும் தனித்தனியாகச் சுருக்கினால் கிடைப்பது இது:

```
a = A + C + BD + B'D'
b = B' + C'D' + CD
c = B + C' + D
d = A + B'D' + CD' + B'C + BC'D
e = B'D' + CD'
f = A + C'D' + BC' + BD'
g = A + B'C + BC' + CD'
```

ஒவ்வொரு வரியும் அதனளவில் சரி. இதற்கு மேல் எந்த வரியையும் சுருக்க முடியாது. வெளியீட்டுக்கு வெளியீடு தனியாகக் கட்டினால் 16 ஆண்ட் கேட்டுகளும் 7 ஆர் கேட்டுகளும், ஆக 23 வேண்டும். நாட் கேட்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை எப்படிக் கட்டினாலும் மாறப்போவதில்லை.

முதல் லாபம் சும்மா கிடைக்கிறது. B'D' என்ற பெருக்கல் உறுப்பு a, d, e மூன்றிலும் இருக்கிறது. அதை ஒரு முறை கட்டி மூன்று பக்கமும் கம்பி இழுத்தால் போதும். CD' மூன்று இடத்தில். C'D', BC', B'C ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில். ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒன்றாக்கினால் 16 ஆண்ட் கேட்டுகள் 9 ஆகின்றன. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். இதுவரை நடந்தது தற்செயல் ஒற்றுமையைப் பொறுக்கியெடுத்தது மட்டுமே. பகிர்வைத் தேடிப்போகும் வேலை இனிமேல்தான்.

a-இன் வரைபடத்தில் BD எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். அது 5, 7 என்ற இரண்டு கட்டங்களையும், கீழே உள்ள டோன்ட் கேர் 13, 15 இரண்டையும் வளைக்கிறது. 7-ஐ C ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. ஆக BD-யின் உண்மையான வேலை 5 மட்டும். d-யின் வரைபடத்திலும் 5 தனித்து நிற்கிறது. அதன் வலப்பக்கம் 7. அங்கே d எரியக் கூடாது. அதனால் 5-ஐயும் அதன் கீழுள்ள 13-ஐயும் மட்டும் சேர்த்து BC'D என்ற சிறு வளையம் போட்டாக வேண்டும். d-க்கு வேறு வழியே இல்லை. எப்படியும் கட்டப்போகிற அந்தக் கேட்டை a-க்கும் கொடுத்துவிடலாமே. a-ஐ மட்டும் பார்ப்பவருக்கு BD-ஐ எடுத்துவிட்டு அதைவிட நீளமான BC'D-ஐப் போடுவது பின்னடைவாகத் தெரியும். ஏழையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஒரு கேட் மிச்சம். ஆண்ட் கேட்டுகள் 8.

இனி இதைவிட அழகான இடம். e, f இரண்டின் வரைபடங்களையும் அருகருகே வைக்கிறேன். வரிசைகள் AB, பத்திகள் CD. இரண்டும் 00, 01, 11, 10 என்ற வரிசையில்.

```
e:  1 0 0 1      f:  1 0 0 0
    0 0 0 1          1 1 0 1
    x x x x          x x x x
    1 0 x x          1 1 x x
```

இரண்டாம் வரிசையின் வலது ஓரத்தில் இருப்பதுதான் 6-ஆம் கட்டம். e-இல் அது மேலே இருக்கும் 2-ஐத் துணைக்கு அழைத்து CD' ஆகிறது. f-இல் 2-க்கு 0 இருப்பதால் மேலே போக முடியாது. வரைபடத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு இடது ஓரத்து 4-ஐச் சேர்த்து BD' ஆகிறது. இரண்டும் அவரவர் வரைபடத்தில் மிகப் பெரிய வளையம். ஆனால் e-இல் 2-ஐ B'D' ஏற்கெனவே மூடியிருக்கிறது. f-இல் 4-ஐ C'D' மூடியிருக்கிறது. இருவரும் தேவையில்லாத துணையைத் தேடி எதிரெதிர்த் திசையில் போனதால்தான் ஒரு கேட் இரண்டாகிவிட்டது.

துணையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 6-ஐயும் நேர் கீழே உள்ள டோன்ட் கேர் 14-ஐயும் மட்டும் வளைத்தால் BCD'. இது e-க்கும் பொருந்தும், f-க்கும் பொருந்தும். d-யில் CD' செய்த வேலையும் 6-ஐப் பிடிப்பதுதான், ஏனென்றால் அங்கேயும் 2-ஐ B'D' பார்த்துக்கொள்கிறது. g-யில் 2-ஐ B'C பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் மிச்சம் 6 மட்டும்தான். நான்கு வெளியீடுகளும் ஒரே கட்டத்துக்காகக் காத்திருக்கின்றன! CD', BD' இரண்டும் போய் BCD' ஒன்று வருகிறது. ஆண்ட் கேட்டுகள் 7.

```
a = A + C + BC'D + B'D'
b = B' + C'D' + CD
c = B + C' + D
d = A + B'D' + B'C + BC'D + BCD'
e = B'D' + BCD'
f = A + C'D' + BC' + BCD'
g = A + B'C + BC' + BCD'
```

மொத்தம் 14 கேட்டுகள். தனித்தனியாகக் கட்டியபோது 23. கேட்டுகளுக்குள் நுழையும் கம்பிகளை எண்ணினால் 58 என்பது 41 ஆகியிருக்கிறது. மேலே இருந்த பட்டியலோடு இதை ஒப்பிட்டால், எந்த வெளியீடும் முன்பைவிட எளிமையாகவில்லை என்பதும் தெரியும். a, d, e, f, g ஐந்துமே தனியாகப் பார்த்தால் கொஞ்சம் பெருத்திருக்கின்றன; b, c இரண்டும் அப்படியே இருக்கின்றன. மெலிந்தது மொத்தம்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததற்கு ஒரு முறையும் உண்டு. சில வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாவற்றிலும் 1 உள்ள கட்டங்களை மட்டும் இன்னொரு வரைபடத்தில் எழுத வேண்டும். டோன்ட் கேர் அப்படியே வரும். இதைப் பெருக்கல் வரைபடம் எனலாம். d, e, f, g நான்கையும் அப்படிப் பெருக்கினால் மிஞ்சுவது 6-உம் 8-உம்தான். அந்த வரைபடத்தில் 6-க்குக் கிடைக்கும் மிகப் பெரிய வளையம் எது? BCD'. ஆக பெரிய வளையம் என்ற பழைய விதி பொய்யாகவில்லை. அது தனி வரைபடங்களுக்கு மட்டுமல்ல, அவற்றின் பெருக்கல் வரைபடங்களுக்கும் சேர்த்துப் பொருந்துகிறது. சிக்கல் எண்ணிக்கையில்தான். ஏழு வெளியீடுகளிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என ஏழு வரை தேர்ந்தால் 127 வரைபடங்கள் வரும். அத்தனையையும் யாரும் வரைவதில்லை. எந்தக் கட்டம் பல வெளியீடுகளில் ஒண்டியாக நிற்கிறது என்று தேடுவதே நடைமுறை. பெரிய சுற்றுகளுக்கு 1980-களில் பெர்க்லியிலும் ஐபிஎம்மிலும் உருவான எஸ்பிரெஸோ போன்ற நிரல்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன.

அவசரப்பட்டால் எங்கே தவறும் என்பதும் இதே 6-ஆம் கட்டத்தில் தெரியும். e-இல் இருக்கும் CD'-ஐ அப்படியே f-க்கும் இழுத்துவிட்டால் 6 சரியாக எரியும். ஆனால் 2 வரும்போது இடது மேல் கோடும் சேர்ந்து எரியும். பகிர்ந்த உறுப்பு ஒவ்வொன்றையும், அது போய்ச் சேரும் எல்லா வரைபடத்திலும் ஒரு 0-இன் மேலாவது விழுகிறதா என்று திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். டோன்ட் கேர் கட்டங்களும் சும்மா இருப்பதில்லை. மேலே உள்ள சுற்றுக்குத் தப்பித்தவறி 10 வந்தால் c தவிர எல்லாக் கோடுகளும் எரியும். 15 வந்தால் 9 தெரியும்.

இன்னொரு விலையும் உண்டு. a-இல் BD இருந்தவரை 7-இலிருந்து 5-க்கு மாறும்போது அது இரண்டையும் ஒருசேரப் பிடித்திருந்தது. இப்போது 7-ஐ C பிடிக்கிறது, 5-ஐ BC'D பிடிக்கிறது. C விழுந்தபின், நாட் கேட் வழியாக C' எழ ஒரு கணம் தாமதமாகும். அந்தக் கணத்தில் a அணைந்து எரியும். 6-இலிருந்து 2-க்கு மாறும்போது e-க்கும் இதே கதி. விளக்கு எரியும் டிஸ்ப்ளேயில் இது கண்ணுக்கே தெரியாது; ஒவ்வொன்றாக எண்ணும் கவுண்டரில் 7-க்கு அடுத்து 5 வருவதும் இல்லை. ஆனால் அந்தக் கம்பி ஒரு ஃபிளிப் ஃபிளாப்பின் கிளாக்குக்குப் போகிறதென்றால், அங்கே இந்தப் பகிர்வைச் செய்யக் கூடாது.

எந்தச் சில்லில் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். பிஎல்ஏ வகையில் எந்தப் பெருக்கல் வரியையும் எந்த வெளியீட்டுக்கும் இணைக்கலாம். வரியில் இரண்டு எழுத்து இருந்தாலும் மூன்று இருந்தாலும் இடம் ஒன்றுதான். BCD' போன்ற உறுப்புகளுக்கு அது சொந்த வீடு. ஆனால் அங்கே A என்ற ஒற்றை எழுத்தும் ஒரு வரியைத் தின்னும் என்பதால் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பிஏஎல் வகையிலோ ஒவ்வொரு ஆர் கேட்டுக்கும் அதனதன் ஆண்ட் வரிகள் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும், பகிர்வுக்கு வழியில்லை. அதில் ஒவ்வொரு வெளியீட்டையும் தனியாகச் சுருக்குவதே சரி.

கடைகளில் கிடைக்கும் 7447 சில் 6-க்கு மேல் கோடும் 9-க்கு அடிக்கோடும் போடுவதில்லை. a-இல் 6-ஐயும் d-யில் 9-ஐயும் 0 ஆக்கி இந்த வரைபடங்களைத் திரும்ப வரைந்து பாருங்கள். டோன்ட் கேரை நம் விருப்பப்படியே வைத்துக்கொண்டால், ஆண்ட் கேட்டுகள் அப்போதும் 7-தான் வரும். ஆனால் இதுவரை b-க்கு மட்டும் உழைத்த CD, a-க்கும் வேலை செய்யத் தொடங்கும்.