சொல் மாற்றமும் பொருள் தொகுப்பும்: மேல்நிலை வகுப்புச் ‘சுருக்கி வரைதல்’ பாடம் குறித்த ஒரு திறனாய்வு (ஓசூர் எல்லைப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

உரைப்பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சொந்த நடையில் சுருக்குக என்னும் அறிவுறுத்தலை மாணவர் பலர், வாக்கியங்களை வெட்டுதல் என்றோ சொற்களை மாற்றுதல் என்றோ புரிந்துகொள்கின்றனர். இரண்டுமே பத்தியின் பொருளைச் சிதைக்கின்றன. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஓசூர்ப் பகுதியில் சொல் மாற்றத்தின் இடர் மேலும் கூடுகிறது. வினைமுற்றை விலக்கிக் குறிப்பெடுக்கும் முறை இதற்கு ஓரளவு தீர்வாகும் என இக்கட்டுரை ஒரு மாதிரிப் பத்தியின் வழி வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சுருக்கி வரைதல், தொகுத்தல், வினைமுற்று, இருமொழி மாணவர், ஓசூர்

அறிவுறுத்தலில் உள்ள முரண்

சுருக்குதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. வழிநூலின் வகைகளுள் முதலாவதாகத் தொல்காப்பிய மரபியல் தொகுத்தலைக் குறிக்கிறது. நன்னூல் பாயிரம் நூலின் அழகு பத்தினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்து, அதன் பின்னர் விளங்கவைத்தலை வைக்கிறது. குற்றம் பத்தினுள் குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சுருக்கத்துக்குரிய இரண்டு எல்லைகளையும் பவணந்தியார் இவ்வாறு வகுத்துவிட்டார் எனலாம். ஆனால் அதே பாயிரம், வழிநூல் செய்வோர் முன்னோரின் பொருளை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் போற்றிக்கொள்வதை ஒரு நெறியாகவே ஏற்கிறது. மூலத்தின் சொல்லை எடுத்தாள்வது அங்கே மதிப்பின் அடையாளம்.

இன்றைய மேல்நிலை வகுப்பு மாணவரும் இம்முரணுக்குள்ளேயே நிற்கிறார். நெடுவினாவில் பாடநூல் தொடர்களை நினைவிலிருந்து வழுவாமல் எழுதினால் பாராட்டப்படுகிறார். சுருக்கி வரையும் வினாவில் அதே செயலைச் செய்தால் ‘பத்தியைப் பார்த்து எழுதியுள்ளாய்’ என்று கண்டிக்கப்படுகிறார். எது மாறவேண்டும், எது மாறக்கூடாது என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. ‘சொந்த நடை’ என்ற இரண்டு சொற்களே அவர் கையில் உள்ளன.

ஓசூர் வட்டாரத்தில் அச்சொற்களின் சுமை இன்னும் கூடுதல். தருமபுரியிலிருந்து 2004இல் பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இவ்வெல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் எழுதும் மாணவர் பலர். சிப்காட் தொழிற்பேட்டையை நாடிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். இந்த வகுப்பில் ‘சொந்த நடை’ என்பது யாருடைய நடை?

ஒரு பத்தி, மூன்று விடைகள்

கீழ்வரும் பத்தியும் அதற்கான விடைகளும் இக்கட்டுரைக்காகவே அமைக்கப்பட்டவை. விடைகள் தனி மாணவர் எவருடையவையும் அல்ல, வகைமாதிரிகள் மட்டுமே.

“கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆற்றின் குறுக்கே கெலவரப்பள்ளியில் அணை கட்டப்பட்டுள்ளது. இந்த அணை நீர் சுற்றுப்புற நிலங்களின் பாசனத்துக்குத் தேவைப்படுகிறது. பெங்களூருவின் வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவுநீரும் ஆற்றில் கலக்கின்றன. மழை பெய்து நீர்வரத்து மிகும் நாட்களில், அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மலைபோல் குவிகிறது. நுரை தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தைத் தடுத்த நாட்களும் உண்டு. நுரையைக் கண்டதும் மக்கள் அஞ்சுகின்றனர். ஆனால் நுரை இல்லாத நாட்களிலும் கழிவு நீரில் கலந்தே இருக்கிறது. எனவே நுரை வடிந்ததைக் கொண்டு நீர் தூய்மையானது என்று கொள்ள இயலாது.”

பத்தியில் 69 சொற்கள் உள்ளன; மூன்றில் ஒரு பங்கு 23 சொற்கள். முதல் வகை விடை இவ்வாறு அமையும்:

“கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளியில் அணை கட்டப்பட்டுள்ளது. பெங்களூருவின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. வெண்ணுரை மலைபோல் குவிகிறது.”

இதில் 21 சொற்கள். அளவு விதி மீறப்படவில்லை. தகவல் எதுவும் பொய்யில்லை. எனினும் இது அப்பத்தியின் சுருக்கம் ஆகாது. முதல் வாக்கியத்தை முழுமையாக எடுத்துக்கொண்டதிலேயே கிடைத்த இடத்தில் பாதி தீர்ந்துவிட்டது. பத்தி எதற்காக எழுதப்பட்டதோ அந்த இறுதிக் கருத்துக்கு இடமே இல்லை. நுரை குவிகிறது என்பதோடு விடை நிற்பதால், நுரையே சிக்கல் என்ற எண்ணம் தோன்றுகிறது. பத்தி மறுப்பது அதைத்தான். ஆன் பிரவுன், ஜீன் டே ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு இளைய மாணவரின் இவ்வழக்கத்தை விரித்துரைக்கிறது: தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்து, வேண்டாததை விட்டு, எஞ்சியதை அதே வரிசையில் படியெடுத்தல். வேண்டாததை நீக்குதல் இளமையிலேயே கைவருகிறது என்பதும், பத்தியில் இல்லாத மையக் கருத்து வாக்கியத்தைத் தாமே ஆக்குதல் மிகத் தாமதமாகவே வருகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். ஆகவே மேல்நிலை மாணவர் பார்த்தெழுதுவதைச் சோம்பல் என்று மட்டும் கொள்வது பிழை.

கண்டிப்புக்கு அஞ்சிய மாணவரின் விடை இரண்டாம் வகை:

“தென்பெண்ணை நதி ஓசூருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. அணையின் தண்ணீர் விவசாயத்துக்கு அவசரமாகிறது. நகரக் குப்பை நதியில் சேர்கிறது. வெள்ளை நுரை குன்றுபோல் திரள்கிறது. நுரை போனால் நீர் சுத்தம் என்று சொல்ல முடியாது.”

ஆறு நதியாயிற்று, மலை குன்றாயிற்று. வாக்கியங்களின் வரிசையும் கட்டமைப்பும் பத்தியில் உள்ளவையே. அமெரிக்க எழுத்துக்கல்வி அறிஞர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் இத்தகைய ஒட்டுப்போட்ட எழுத்தை நேர்மைக்கேடாகக் கொள்ளாமல் கற்றலின் ஒரு படிநிலையாகக் கொண்டார். அக்கருத்து இங்கும் பொருந்தும். ஆனால் படிநிலை என்பதால் அதன் சேதத்தைக் காணாதிருக்க இயலாது. ‘கழிவுநீர்’ என்பதற்கு ஒரு சொல் தேடியபோது ‘குப்பை’ வந்தது. நீர்மப் பொருள் திடப்பொருளாக மாறிவிட்டது. ‘தேவை’ என்பதற்கு ‘அவசரம்’ வந்தது. தெலுங்கில் அச்சொல்லுக்குத் தேவை என்றே பொருள், தமிழில் விரைவு. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர் தம்மளவில் சரியான சொல்லையே இட்டிருக்கிறார். ‘உலகம்’ என்னுமிடத்தில் ‘பிரபஞ்சம்’ என்று எழுதுவதும் இத்தகையதே. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது உலகைக் குறிக்கும். பத்தியின் சொல்லையே வைத்திருந்தால் இப்பிழைகள் நேர்ந்திரா. சொல்லை மாற்று என்ற வற்புறுத்தலே அவற்றை உண்டாக்கியது.

மூன்றாவது விடை:

“பெங்களூருவின் கழிவுகள் கலப்பதால், பாசனத்துக்கு உதவும் கெலவரப்பள்ளி அணை நீர் மாசடைந்துள்ளது. நீர்வரத்து மிகும்போது எழும் நுரை அதன் வெளி அடையாளம் மட்டுமே. அது மறைந்த பின்னும் மாசு நீங்குவதில்லை.”

இதில் 22 சொற்கள். கெலவரப்பள்ளி, பாசனம், நீர்வரத்து, நுரை ஆகியவை மூலத்தின் சொற்களே. அவற்றை மாற்றக்கூடாது, அவை பெயர்களும் துறைச்சொற்களும் ஆகும். மாறியிருப்பது சொற்களுக்கிடையேயான உறவு. ‘கலக்கின்றன’ என்ற வினைமுற்று ‘கலப்பதால்’ எனக் காரணமாயிற்று. பாசனம் பற்றிய தனி வாக்கியம் ‘உதவும்’ என்னும் பெயரெச்சத்துள் அடங்கியது. வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவுநீர் இரண்டும் ‘கழிவுகள்’ என்னும் பொதுச்சொல்லில் தொகுந்தன. ‘மாசு’, ‘அடையாளம்’ ஆகிய இரண்டும் பத்தியில் இல்லாதவை; மாணவர் பத்தியின் வாதத்தைப் புரிந்துகொண்டதற்குச் சான்று அவையே. ‘நீர்வரத்து மிகும்’ என்ற தொடர் அப்படியே வந்துள்ளதே எனக் கடுமையான மதிப்பீட்டாளர் கேட்கலாம். ‘மிகும்’ என்பதைப் ‘பெருகும்’ ஆக்குவதால் மாணவரின் புரிதலில் என்ன கூடிவிடும் என்பதே என் மறுவினா.

வினைமுற்று இல்லாத குறிப்பு

மூன்றாவது விடைக்கு மாணவரை எப்படிக் கொண்டுசெல்வது? தமிழ் வாக்கியத்தின் முடிபு பெரும்பாலும் வினைமுற்றில் உள்ளது. பார்த்தெழுதும் மாணவர் வினைமுற்றையும் சேர்த்து எடுப்பதால் வாக்கியம் முழுதும் உடன்வந்துவிடுகிறது. எனவே பத்தியிலிருந்து குறிப்பெடுக்கும்போது வினைமுற்று எதையும் எழுதக்கூடாது என்ற ஒரே தடையை விதிக்கலாம். மேற்கண்ட பத்திக்கு ‘பெங்களூரு – கழிவுநீர்’, ‘கெலவரப்பள்ளி – பாசனம்’, ‘நீர்வரத்து – நுரை’, ‘நுரை இல்லாத நாள் – கழிவு’ என நான்கு இணைகள் கிடைக்கும். பின்னர்ப் பத்தியை மூடிவைத்துவிட்டு, ஒவ்வோர் இணைக்கும் இடையே உள்ள உறவைச் சொல்லும் வினையை மாணவர் தாமே தேடவேண்டும். பார்த்தெழுத வாக்கியமே இல்லாததால் நகலெடுத்தல் இயல்பாகவே குறைகிறது; பெயர்ச்சொற்கள் குறிப்பில் இருப்பதால் ‘குப்பை’ போன்ற பிறழ்ச்சியும் தவிர்கிறது.

இணைகளைத் தேர்வதற்கு முன் ஒரு படி உண்டு. பத்தியில் எந்த வாக்கியத்தை நீக்கினால் எழுதியவர் மிகவும் வருந்துவார் என்று கேட்க வேண்டும். இங்கே அது இறுதி வாக்கியம். அதிலிருந்து பின்னோக்கிச் சென்று, அது நிற்பதற்கு எவ்வெவ் வாக்கியங்கள் தேவை எனப் பார்த்தால், நந்தி மலை தானே உதிர்கிறது. தரைப்பாலமும் உதிர்கிறது. உள்ளூர் மாணவர் விட மனமில்லாதது தரைப்பாலமாகவே இருக்கும். அவர் கண்டது அதுதானே. தமக்குச் சுவையானதும் பத்திக்கு இன்றியமையாததும் வேறுவேறு என்பதை இவ்விடத்தில் விளக்க ஆசிரியர் சற்று நேரம் செலவிடுவது நன்று.

மூடிவைத்தபின், எழுதுவதற்கு முன் வாய்மொழியாகச் சொல்லவிடலாம். பேச்சுத்தமிழில் சொன்னாலும் தெலுங்கிலோ கன்னடத்திலோ அருகிலிருப்பவரிடம் சொன்னாலும் தவறில்லை. வேறொரு மொழியில் சொல்லிவிட்டவரிடம் பத்தியின் வாக்கியக் கட்டமைப்பு ஒட்டிக்கொண்டிராது. எல்லைப் பகுதி வகுப்பின் பன்மொழிச் சூழல் குறையாகவே பேசப்பட்டு வருகிறது. இந்த ஓர் இடத்தில் அது ஒருமொழி மாணவருக்கு வாய்க்காத வசதி. இறுதியாகப் பத்தியைத் திறந்து, சொல்லாததைச் சொல்லிவிட்டோமா எனச் சரிபார்க்க வேண்டும். ‘அவசரம்’ போன்ற பிழைகள் அப்போதுதான் பிடிபடும். அதற்கு ஆசிரியருக்கும் அண்டைமொழிச் சொற்கள் சில தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் எஞ்சும் சிக்கல்கள்

மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவைச் சொல் எண்ணிக்கையால் காண்பது தமிழில் உறுதியற்றது. ‘எழுதிக் கொண்டிருந்தான்’ என்பதைச் சேர்த்தெழுதினால் ஒரு சொல், பிரித்தெழுதினால் இரண்டு. விடையைச் சுருக்காமல் இடைவெளியைச் சுருக்கியே விதியை நிறைவுசெய்ய முடியும். மேற்கண்ட பத்திக்குக் கழிவு கலத்தல், பாசன நீர் கெடுதல், நுரை மிகைநீரில் தோன்றுதல், நுரை மறைந்தும் மாசு நிலைத்தல் என நான்கு கருத்துகளை வகுத்து, அவற்றுக்கும் அவற்றின் தொடர்புக்கும் மதிப்பெண் பிரிப்பது இதனினும் நம்பகமானது. சொல் எண்ணிக்கை மேல்வரம்பாக மட்டும் இருக்கலாம்.

வினைமுற்றை விலக்கும் முறைக்கும் வரம்புண்டு. காரணகாரியத் தொடர்புள்ள விளக்கப் பத்திகளுக்கே அது நன்கு பொருந்தும். நிகழ்ச்சி வரிசையே பொருளாக உள்ள கதைப் பகுதியிலும், செய்முறை கூறும் பத்தியிலும் வினைகளே உயிர். அவற்றை நீக்கினால் எஞ்சுவது பெயர்ப் பட்டியல். தொழிற்கூடப் பாதுகாப்பு விதி போன்ற பத்தியில் ‘அணைத்த பின் திற’ என்பதன் வினை வரிசையை மாணவர் நினைவிலிருந்து மீட்டமைப்பது ஏற்கத்தக்கதன்று. அங்கே மூலத்தின் வினைகளை அப்படியே காக்கவேண்டும். பார்த்தெழுதுதல் அங்கே குற்றமாகாது.

நம் ஆய்விதழ்க் கட்டுரைகள் பலவற்றின் ‘ஆய்வுச்சுருக்கம்’, முன்னுரையின் முதற்பத்தியிலிருந்து மூன்று வாக்கியங்களை எடுத்து வைத்ததாகவே இருப்பதை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. முதல் வகை விடையின் இயல்புகள் அனைத்தும் அவற்றில் உள்ளன: தொடக்கம் முழுமையாக இருக்கும், முடிவுக்கு இடம் இராது. மேல்நிலை வகுப்பில் திருத்தப்படாத வழக்கம் அங்கிருந்தே முனைவர் பட்ட ஆய்வேடு வரை உடன்வருகிறது.