மேல்முகத்தில் ஒரு கம்பி

நமுனுகுல மலைச்சரிவில் கட்டும் மாடிவீட்டின் பல்கனி, சுவரோடு மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீள்வது. பாரம் முனையைக் கீழே இழுக்கும்போது சுவரருகே தட்டின் மேல்முகம் இழுபட்டு, அடிமுகம் அமுங்குகிறது. கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் முதன்மைக் கம்பி மேலேதான். அறைத் தட்டின் நடுவில் கம்பி அடியில் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்!

பல்கனி 1 மீட்டர் நீண்டால், கம்பியை உள்தட்டுக்குள் சுமார் 1.5 மீட்டர் கொண்டுபோவது வழக்கம். சுவரோடு வெட்டினால் பிடிமானமே இல்லை.

150 மில்லிமீட்டர் தட்டில், மழைக்காக 30 மில்லிமீட்டர் மறைப்பு விட்டுக் கட்டிய கம்பியை, கொங்கிரீட் கொட்டுபவர்கள் மிதித்து 40 மில்லிமீட்டர் இறக்கினால் பலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். வளைத்த கம்பிக் கால்கள் அதைத் தடுக்கின்றன. கம்பி இறங்கிவிட்டதற்கு, சுவரை ஒட்டித் தட்டின் மேல்முகத்தில் ஓடும் நீள வெடிப்பே முதல் அறிகுறி. அதைக் கண்டதும் முட்டுக் கொடுக்க வேண்டும்.